பாலில் புரோட்டீன் பவுடர் கட்டி தட்டுது: உங்க அனுபவம் என்ன?

பெருந்துறைக்காரன்
எருமைப்பாலைக் காய்ச்சி இறக்கின சூட்டோட, சில்வர் டம்ளர்ல ஒரு ஸ்கூப் வே பவுடரைப் போட்டு, மேல 250 மில்லி பாலை ஊத்தி ஸ்பூன்ல கலக்கறனுங்க. சுண்டைக்காய் அளவுக்குக் கட்டி மிதக்குது, அடியில பசையாட்ட ஒட்டிக்குது. பவுடர் போலியாங்க? இப்படி ஆகி டப்பாவைத் திருப்பிக் குடுத்தவங்க இருந்தாச் சொல்லுங்க.

பல்லடம் தறி
சூடுதானுங்க காரணம். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த பால்ல போடுங்க, ஒரு கட்டி வராது.

கோபி ஜிம் மாஸ்டர்
கட்டி தட்டுறத வெச்சுப் போலின்னு சொல்ல முடியாதுங்க. நல்ல பவுடரும் கட்டி தட்டும். முதல்ல ஒரு கட்டியை எடுத்து விரல்ல நசுக்கிப் பாருங்க. உள்ள காஞ்ச மாவு இருந்தா அது நனையாத கட்டி. மாவே இல்லாம ரப்பராட்ட, பன்னீர்த் துணுக்காட்ட இருந்தா அது வெந்த கட்டி. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

நனையாத கட்டி ஊத்துற வரிசையால வருது. பவுடர் கீழ குவிஞ்சிருக்க, மேல பால் விழுந்ததும் குவியலோட வெளித்தோல் மட்டும் நனைஞ்சு பசையாயிருது. அந்தப் பசை உள்ள பால் போறதைத் தடுத்துருது. அப்புறம் ஸ்பூன்ல எத்தனை சுத்து சுத்தினாலும் கட்டி நகருமே தவிர உடையாது. அதனால பால் முதல்ல, பவுடர் அப்புறம்.

வெந்த கட்டி சூட்டால வருது. சுமார் 70 டிகிரி தாண்டினா வே புரதம் சுருள் அவிழ்ந்து ஒண்ணோடொண்ணு பின்னிக்கும். முட்டை வெள்ளைக்கரு வேகற மாதிரிதான். மறுபடி கரையாது. ஆனா சத்து போயிராது, கீழ ஊத்த வேண்டியதில்லைங்க.

பல்லடத்து அண்ணன் சொன்னதுல பாதி சரி. சில்லுனு இருக்கிற பால்ல வேகாது, ஆனா பவுடர் மெதுவாத்தான் நனையும். கொழுப்பு கூடின எருமைப்பால்ல இன்னும் மெதுவு. காய்ச்சி நல்லா ஆறின பால்தான் தோது. டம்ளரை வெறுங்கையில இறுக்கிப் பிடிச்சுட்டே இருக்க முடியணும், அதுதான் அளவு.

ஷேக்கர்ல முதல்ல 100 மில்லி பால். மேல ஒரு ஸ்கூப், ஏறக்குறைய 30 கிராம், பரவலாத் தூவுங்க. மூடி 10 விநாடி வேகமாக் குலுக்குங்க. கொஞ்சப் பால்ல கெட்டியா இருக்கறப்பதான் கட்டி ஒண்ணோடொண்ணு உரசி உடையும். நெறையப் பால்ல நழுவிப் போயிரும். அப்புறம் மீதி 150 மில்லி ஊத்தி மறுபடி குலுக்குங்க. ஷேக்கர்ல மூணுல ஒரு பங்கு காலியா இருக்கணும், இல்லீன்னா உள்ள பால் அடிபட இடமிருக்காது. ரெண்டு நிமிஷம் வெச்சு இன்னொரு குலுக்கு. ஸ்பூனை விட்டுருங்க.

பொள்ளாச்சி அம்மிணி
எங்க வீட்ல ராகிக் கஞ்சியும் இப்படித்தான் கட்டி தட்டுது. அதையும் ஆறின தண்ணியில கரைச்சு அப்படியே குடிச்சிரலாமுங்களா?

கோபி ஜிம் மாஸ்டர்
பச்சையாக் குடிக்காதீங்க அம்மிணி. கட்டி வர்ற விதம் ஒண்ணுதான், அதனால ராகியையும் பச்சைத் தண்ணியில கரைச்சுக்கோணும். ஆனா அது மாவு, அப்புறம் அடுப்புல வெச்சுக் கிண்டி வேகவெச்சாத்தான் கஞ்சி. வே பவுடருக்குத்தான் வேகறது கேடு.

பெருந்துறைக்காரன்
நசுக்கிப் பார்த்தனுங்க. பெருசுல மாவு இருக்குது, சின்னது ரப்பராட்ட. மூணாவதா ஒண்ணு, மெல்லிசாத் துணி கிழிஞ்சாப்பல மேல மிதக்குது.

கோபி ஜிம் மாஸ்டர்
அப்ப ரெண்டு கோளாறும் ஒண்ணா நடந்திருக்குது. மூணாவது பவுடரே இல்லைங்க, பாலாடை. பால் ஆறினதும் டீ வடிகட்டியில வடிச்சிட்டுப் பவுடரைப் போடுங்க.

பல்லடம் தறி
மிக்சியில ஒரே அடியா அடிச்சா இந்தக் கணக்கெல்லாம் எதுக்குங்க?

பவானி கரையோரம்
மிக்சி கட்டியை உடைக்கும், ஆனா ஒரு நிமிஷம் ஓட விட்டா பாதி ஜாரு நுரைதான். விட்டு விட்டு மூணு தடவை, ஒவ்வொண்ணும் ரெண்டு விநாடி போதும். சூடான பாலை மூடின ஜாருல அடிக்காதீங்க, மூடியைத் தள்ளிட்டுச் சிதறும். பட்டாணிப் புரதத்துக்கு மிக்சி போட்டும் நாக்குல நறநறப்பு போகலீங்க. கட்டி இல்லை, பொடிமணலாட்ட இருக்குது.

கோபி ஜிம் மாஸ்டர்
பட்டாணிப் பவுடர் முழுசாக் கரையாது, பால்ல மிதந்துட்டு நிக்கும், அதுதானுங்க. பத்து நிமிஷம் ஊற வெச்சா நறநறப்பு கொஞ்சம் அடங்கும். முழுசாப் போக வழி தெரிஞ்சவங்க எழுதுங்க.

பொள்ளாச்சி அம்மிணி
வாழைப்பழம் சேர்த்து அடிச்சா அது தெரியறதில்லைங்க.

பவானி கரையோரம்
மறையுது, போகலீங்க அம்மிணி.