காலர் மைக் வேண்டுமா, ஃபோன் மைக்கே போதுமா?

செக்குக்காரர், காங்கேயம்: எங்கள் மரச்செக்கு எண்ணெய்க் கடையின் இணையதளத்தில் "எங்களைப் பற்றி" பக்கத்துக்கு நானே பேசும் ஒரு நிமிட வீடியோ வேண்டும். ஃபோனும் ட்ரைபாடும் இருக்கின்றன. எப்படி எடுப்பது, என்ன பேசுவது?

தறிக்காரன்: ஃபோன் மைக்கே போதும். காலர் மைக் எல்லாம் கடைக்காரர்கள் கிளப்பிவிட்டது. பேசுவதை முழுசாக எழுதி, பார்த்துப் படியுங்கள். நான் அப்படித்தான் எடுத்தேன், யாரும் குறை சொல்லவில்லை.

பழைய ஸ்டுடியோ: "போதும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. எத்தனை அடி தூரத்தில் போதும்? கையெட்டும் தூரத்தில் போதும், சரி. இடுப்புவரை தெரிய வேண்டும் என்று ட்ரைபாடை ஆறடி தள்ளினால் உங்கள் குரல் குறையும், ஆனால் சுவரில் மோதித் திரும்பும் சத்தம் அப்படியே இருக்கும். கிணற்றுக்குள் நின்று பேசுவது போலக் கேட்கும். படம் சுமாராக இருந்தால் பார்ப்பார்கள், பேச்சு புரியவில்லை என்றால் மூடிவிடுவார்கள்.

செக்குக்காரரே, மைக் வாங்கக் காசு வேண்டாம். வீட்டில் இருக்கும் இன்னொரு ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். பேசும் மைக் ஃபோனின் அடிப்பக்கத்தில் இருப்பதால் தலைகீழாக வைக்க வேண்டும். ஏரோப்ளேன் மோட் போடுங்கள். இரண்டு ஃபோனும் ஓட ஆரம்பித்ததும் கேமரா முன்னால் ஒருமுறை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டு சத்தத்தை வைத்து இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். கஞ்சி போட்ட சட்டை வேண்டாம், சரசரவென்று உரசும்.

தறிக்காரன்: இரண்டு ஃபோன், கை தட்டல், தலைகீழ்! ஒரு நிமிட வீடியோவுக்கா? ஃபோன் மைக்கே போதும்.

பழைய ஸ்டுடியோ: எத்தனை அடி என்று கேட்டேன். பதிலைக் காணோம்.

நெல்லை ராஜி: என் தையல் கடைக்கு எடுத்தபோது சத்தம் பிரச்சினையே இல்லை, முகம்தான் கறுப்பாக வந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். திரும்பி உட்கார்ந்து, ஜன்னல் பக்கவாட்டில் முகத்தில் விழும்படி வைத்ததும் சரியாகிவிட்டது. அப்புறம் ட்யூப்லைட் எரிந்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடியது. அணைத்துவிட்டேன். ரீல்ஸுக்கு நிமிர்த்தித்தானே எடுக்க வேண்டும்?

பழைய ஸ்டுடியோ: ராஜிம்மா, அவர் ரீல்ஸ் கேட்கவில்லை. இணையதளத்துக்குப் படுக்கை வசம். ஜன்னல் விஷயம் சரி. ட்யூப்லைட்டை அணைக்க முடியாவிட்டால், கேமராவில் நொடிக்கு 25 ஃப்ரேம் இருந்தால் போடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பட்டை பெரும்பாலும் அடங்கும். ஃபோன் திரையில் முகம் தெரியும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் தலை அசையும்போதெல்லாம் படம் மங்கி மங்கித் தெளியும்.

செக்குக்காரர், காங்கேயம்: செக்கு ஓட ஓட நின்று பேச ஆசை. என்ன பேசுவது என்று யாரும் சொல்லவில்லையே.

பழைய ஸ்டுடியோ: மோட்டார் சத்தத்தில் எந்த மைக்கும் உதவாது. செக்கை நிறுத்திவிட்டு, ஃபேனையும் அணைத்துவிட்டுப் பேசுங்கள். செக்கு ஓடுவதைத் தனியாக எடுத்துப் பேச்சின்மேல் ஒட்டுங்கள்.

முழுசாக எழுதிப் படிக்காதீர்கள். கண் வரிக்கு வரி ஓடுவது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். நான்கு குறிப்பு போதும். முதலில், வாடிக்கையாளர் கடையில் கேட்கும் கேள்வி: "கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுவீங்களா?" அதையே முதல் வாக்கியமாக வைத்துப் பதில் சொல்லுங்கள். பிறகு நீங்கள் யார், எத்தனை வருடமாகச் செக்கு ஓட்டுகிறீர்கள். மூன்றாவது, உலர்களத்தில் ஒரு கொப்பரையை எடுத்து உடைத்துக் காட்டுங்கள். கடைசியில் எப்படி வாங்குவது என்று ஒரே வரி. "வணக்கம், எங்கள் நிறுவனத்துக்கு வரவேற்கிறோம்" என்று ஆரம்பித்தால் அதிலேயே பத்து நொடி போய்விடும்.

தறிக்காரன்: குறிப்பை வைத்துப் பேசினால் திக்கும். எனக்குத் திக்கியது, அதனால்தான் எழுதிப் படித்தேன். போன வருடம் கல்யாண ஆல்பம் பேச்சிலும் இவர் இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் எடுத்தார்.

பழைய ஸ்டுடியோ: அந்த ஆல்பத்தில் சொன்னதும் சரிதான். திக்கினால் அந்த ஒரு குறிப்பை மட்டும் மறுபடி பேசி, வெட்டும் இடத்தில் செக்குக் காட்சியைப் போட்டு மூடலாம். ஒரே மூச்சில் படித்தால் மூடுவதற்கு இடம் ஏது?

நெல்லை ராஜி: நானும் எழுதித்தான் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

செக்குக்காரர், காங்கேயம்: இப்போதே பத்து நொடி எடுத்து இயர்ஃபோனில் கேட்டேன். ட்ரைபாட் ஃபோனில் எதிரொலி. சட்டைப்பை ஃபோனில் குரல் தெளிவு, ஆனால் மூச்சு விடுவதும் கேட்கிறது.

பழைய ஸ்டுடியோ: பையிலிருந்து எடுத்து, படத்தில் தெரியாதபடி மேசையில் மார்புக்கு நேராக வைத்துப் பாருங்கள்.

தறிக்காரன்: மூச்சுச் சத்தம் வருகிறதாம்! இதற்குத்தான் சொன்னேன், ட்ரைபாடிலேயே வைத்து எடுங்கள் என்று. ஃபோன் மைக்கே போதும்.

பழைய ஸ்டுடியோ: எத்தனை அடி?