கிரெடிட் கார்டு வாங்கியதை குறைந்த வட்டியில் இஎம்ஐ ஆக்க எப்படி எழுதுவது? அவசரம்

செந்தில்_தேனி: கார்டில் 1,20,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். மொத்தமாகக் கட்ட முடியாது. ஆப்பில் இஎம்ஐ காட்டுகிறது, ஆனால் வட்டி அதிகம். குறைத்துத் தரச்சொல்லி வங்கிக்கு மெயில் போடலாமா? என்ன எழுத வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை: வட்டி எவ்வளவு, எத்தனை மாதம், பில் வந்துவிட்டதா, கட்ட வேண்டிய தேதி என்ன, என்ன வாங்கினீர்கள்? இது ஒன்றும் சொல்லாமல் “அவசரம்” என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். நகை என்றால் எழுதவே வேண்டாம், மாற்ற மாட்டார்கள்.

ராஜி_கும்பகோணம்: தம்பி, வாங்கும்போதே கடையில் நோ காஸ்ட் இஎம்ஐ கேட்டிருக்கலாமே. நான் ஃபிரிட்ஜுக்கு அப்படித்தான் செய்தேன்.

செந்தில்_தேனி: அக்கா, அந்தக் கடையில் அது இல்லை. கட்டில், பீரோ, சோஃபா வாங்கினோம். 2ஆம் தேதி வாங்கியது, பில் 8ஆம் தேதி வந்தது, 26க்குள் கட்ட வேண்டும். 12 மாதம், 16%, பிராசஸிங் ஃபீஸ் 1%.

முருகு77: இன்றைக்கு 19 ஆயிற்றே! 16% எல்லாம் கொள்ளை. என் நண்பனுக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 9% ஃபிளாட்டில் கொடுத்தார்கள். அதை வாங்கி கார்டை அடைத்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை: ஃபிளாட் என்றால் கடைசி மாதம் வரை முழு 1,20,000க்கும் வட்டி. 9%க்கு 10,800 வரும். 16% பாக்கி குறையக் குறையப் போடுவது, வருடத்துக்குச் சுமார் 10,650தான். வட்டியை மட்டும் பார்த்தால் உங்கள் 9 தான் விலை அதிகம்.

முருகு77: அப்படியா? கார்டு இஎம்ஐ வட்டிக்கு மேல் 18% ஜிஎஸ்டி போடுவார்கள், அதைச் சேர்க்கவில்லையே நீங்கள்.

கணக்குப்பிள்ளை: அது சரிதான், 1,900 சொச்சம் கூடும். கடன் கொடுப்பவரும் பிராசஸிங் ஃபீஸ் பிடிப்பார், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராஜி_கும்பகோணம்: வீட்டில் நகை இருந்தால் அடகு வைத்து அடைத்துவிடலாமே? வங்கியில் வட்டி குறைவு.

முருகு77: கல்யாண வீட்டுக்காரர் போலத் தெரிகிறது, நகையை ஏன் வங்கியில் வைக்கச் சொல்கிறீர்கள்?

ராஜி_கும்பகோணம்: கல்யாணம் என்று யார் சொன்னார்கள்? சோஃபா வாங்கினால் கல்யாணமா?

தென்றல்_மா: கேள்விக்கு வருகிறேன். கார்டு பிரிவில் பத்து வருடம் இருந்தவள். எழுதலாம், ஆனால் மெயில் போட்டதால் 26ஆம் தேதி தள்ளிப்போகாது, இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 26க்குள் முழுதும் கட்டவும் இல்லை, இஎம்ஐயும் ஆகவில்லை என்றால் மாதம் 3.5% போலப் போடுவார்கள், அதுவும் வாங்கிய நாளிலிருந்து. ஒரு மாதத்துக்கு 4,200, ஜிஎஸ்டி தனி.

16ஐ 14 ஆக்கினால் மிச்சம் ஜிஎஸ்டியோடு சேர்த்துச் சுமார் 1,600. பிராசஸிங் ஃபீஸைத் தள்ளுபடி செய்தால் 1,416. கிட்டத்தட்ட ஒன்றுதான். வட்டியை சிஸ்டம் முடிவு செய்யும், மெயில் பார்ப்பவர் கையில் பெரும்பாலும் இருக்காது. ஃபீஸ் தள்ளுபடி சில சமயம் கிடைக்கும். அதனால் இரண்டையும் கேளுங்கள்.

பதிவு செய்த மெயில் ஐடியிலிருந்து இப்படி, ஆங்கிலத்தில்:

“கடைசி நான்கு எண் ____ உள்ள கார்டில் 2ஆம் தேதி இந்தக் கடையில் 1,20,000 ரூபாய் செலவு. 12 மாத இஎம்ஐ ஆக்க விரும்புகிறேன். ஆப்பில் 16% காட்டுகிறது. 14% தர முடியுமா, இல்லையென்றால் பிராசஸிங் ஃபீஸைத் தள்ளுபடி செய்ய முடியுமா? அசல், வட்டி, கட்டணம், முன்கூட்டியே முடித்தால் என்ன பிடிப்பீர்கள் என்பதை எழுத்தில் தாருங்கள். நான் சம்மதம் சொல்லும்வரை மாற்ற வேண்டாம்.”

கடையின் பெயர் பில்லில் இருக்கிறபடியே இருக்கட்டும். முழு கார்டு எண், ஓடிபி எதுவும் வேண்டாம். அனுப்பிவிட்டு கஸ்டமர் கேருக்கும் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். 24 வரை பதில் இல்லையென்றால் 16%க்கே ஆப்பில் மாற்றிவிடுங்கள். மாற்றியபின் இந்த மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டு உறுதி செய்யுங்கள். அந்தத் தொகை தப்பினால் மறுபடி வட்டி.

கணக்குப்பிள்ளை: லிமிட்டையும் சொல்லுங்கள். 1,20,000 அப்படியே அடைபட்டிருக்கும், ஒவ்வொரு தவணையிலும் அசல் குறைகிற அளவுதான் திறக்கும்.

முருகு77: எனக்கு 9% தவறு என்று இன்னும் மனசு ஒப்பவில்லை.

செந்தில்_தேனி: வட்டி குறைக்க முடியாது என்றுவிட்டார்கள். ஃபீஸ் தள்ளுபடி. 23ஆம் தேதியே மாற்றிவிட்டேன். மெயிலை தென்றல் மேடம் சொன்னபடியே அனுப்பினேன், நன்றி.

ராஜி_கும்பகோணம்: இடையில் முடித்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதித் தந்தார்களா தம்பி?