+677 எண்ணுக்குத் திருப்பி அழைத்ததில் 60 வெள்ளி போய்விட்டது. யாராவது விளக்குங்களேன்

மாலா, சுங்கை சிப்புட்
வணக்கம். அம்மா இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். தம்பி கூச்சிங்கில் படிக்கிறான். போன வாரம் விடிகாலை மூன்று மணிக்கு அம்மாவின் கைப்பேசியில் ஒரே எண்ணிலிருந்து இரண்டு மிஸ்ட் கால். எண் +677 என்று தொடங்குகிறது. முன்னால் +6 இருந்ததால் நம்ம மலேசிய எண்தான், தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி மூன்று தடவை அழைத்திருக்கிறார். "மணி அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல" என்கிறார். பில்லில் 12 நிமிடம், நிமிடத்துக்கு 5 வெள்ளி. யாரும் எடுக்காத அழைப்புக்கு எப்படிக் காசு?

குமரன்
இது வெளிநாட்டு மோசடி எண், மாலா. திருப்பி அழைக்கவே கூடாது. எடுத்தாலும் காசு போகும், மிஸ்ட் கால் வந்தாலே சிம்மை காப்பி பண்ணிவிடுவார்கள் என்று கேள்வி. உடனே சிம்மை மாற்றுங்கள்.

ராஜம்மா
எனக்கும் இப்படித்தான் ஆச்சு. வருமான வரி ஆபிசிலிருந்து பேசுறோம், உங்க மேல கேஸ் இருக்குன்னு மிரட்டினான். நான் போனை வச்சிட்டேன். 997-க்கு அடிச்சி சொல்லுங்கம்மா.

சேகர்
ராஜம்மா அக்கா, உங்களுக்கு வந்தது வேறு வகை. 997 வங்கிப் பணம் பறிபோனால் அழைப்பதற்கு. இங்கே வங்கிக் கணக்கை யாரும் தொடவில்லை.

குமரன் சொன்னதில் முதல் பாதி சரி. ஆனால் ரோமிங்கில் இல்லாதவரை உள்ளே வரும் அழைப்பை எடுப்பதற்குக் காசு கிடையாது, மிஸ்ட் காலால் சிம்மும் காப்பி ஆகாது. பழைய சிம்மே போதும்.

நான் தொலைத்தொடர்பு பில்லிங் பிரிவில் பல வருடம் இருந்தவன். நடப்பது இதுதான்: ஒரு கணினி ஆயிரக்கணக்கான எண்களுக்கு ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வெட்டிவிடும். ஜப்பானியர்கள் இதற்கு வைத்த பெயர் வாங்கிரி. +677 சாலமன் தீவுகளின் எண். அங்கே போகும் அழைப்புக்கு நம் நிறுவனம் அந்தப் பக்கத்துக்கு நிறையக் கொடுக்க வேண்டும், அதில் ஒரு பங்கு அந்த எண்களை வாடகைக்கு எடுத்தவன் கைக்குப் போகிறது. நீங்கள் எவ்வளவு நேரம் லைனில் நிற்கிறீர்களோ அவ்வளவும் அவனுக்கு லாபம்.

அம்மா கேட்டது உண்மையான மணி இல்லை, மாலா. அழைப்பை அந்தப் பக்கம் உடனே எடுத்துவிட்டு, மணி அடிக்கிற ஒலியைப் பதிவு செய்து ஓடவிடுகிறார்கள். அம்மாவின் கைப்பேசியில் அந்த அழைப்புகளைத் திறந்து, எத்தனை நேரம் என்று பாருங்கள். யாரும் எடுக்காத அழைப்பில் நேரமே விழுந்திருக்காது.

மாலா
பார்த்தேன் சேகர் அண்ணே. 3:12, 4:40, 2:20 என்று இருக்கிறது. கூட்டினால் பத்து நிமிடம் பன்னிரண்டு நொடிதானே?

சேகர்
மிச்ச நொடிகளையும் முழு நிமிடமாக ஏற்றுவார்கள். 4, 5, 3 என்று 12 ஆகிவிட்டது. இனி அழைக்கும்போது திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். காதில் மணி அடிக்கும்போதே 00:01, 00:02 என்று நேரம் ஓடினால் உடனே வெட்ட வேண்டும்.

அடையாளத்துக்கு வருவோம். நம்ம எண் எதுவானாலும் +6-க்கு அடுத்து 0 இருக்கும். கைப்பேசி என்றால் +601, ஈப்போ பக்கம் +605, தம்பி இருக்கும் கூச்சிங் +6082. 0-க்குப் பதில் 7 வந்தால் வேறு நாடு: +675 பாப்புவா நியூ கினி, +676 தோங்கா, +678 வனுவாத்து. +673 புருணை, அங்கே உறவுக்காரர் இருந்தால்தான் யோசிக்கலாம். 6 இல்லாமலும் வரும், +216 துனிசியா மாதிரி.

குமரன்
அப்போ உள்நாட்டில் 1-300 எண்களும் இப்படித்தானே? நான் எடுப்பதே இல்லை.

சேகர்
இல்லை குமரன், 1-300 நிறுவனங்களின் சேவை எண். அதில் பேசினால் சாதாரண அழைப்புக் கட்டணம்தான், கைப்பேசித் திட்டத்தின் இலவச நிமிடங்களில் சேராமல் போகலாம். 1-800 இலவசம். உள்நாட்டில் கூடுதல் கட்டணம் 600-இல் தொடங்குகிற எண்களுக்குத்தான்.

மாலா
அந்த 60 வெள்ளி திரும்பக் கிடைக்குமா? கவுண்டரில் கேட்டதற்கு, அம்மாதானே அழைத்தார் என்கிறார்கள்.

சேகர்
அவர்கள் அந்தப் பக்கத்துக்குப் பணம் கட்டியிருப்பார்கள், அதனால் எளிதில் விடமாட்டார்கள். ஆனாலும் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். மிஸ்ட் கால் வந்த நேரம், நீங்கள் அழைத்த நேரம் இரண்டையும் படம் பிடித்து இணையுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அந்தப் புகார் எண்ணோடு தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சிக்குப் போகலாம். சிலருக்குப் பாதி கழித்ததைப் பார்த்திருக்கிறேன், ஒன்றுமே கிடைக்காதவர்களும் உண்டு.

அப்புறம், வெளிநாட்டு அழைப்பை நிறுத்திவிடச் சொல்லிக் கேளுங்கள். வாட்ஸ்அப் அழைப்பு இதில் சேராது.

மாலா
இன்று புகார் எண் வாங்கிவிட்டேன். வெளிநாட்டு அழைப்பை நிறுத்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, சிங்கப்பூர் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் பேசினால் குரல் விட்டு விட்டு வருகிறதாம். இப்போதைக்கு நாள்காட்டியில் பெரிதாக "+60, அக்கா +65, மற்றதுக்கு மாலாவைக் கேள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.