நைட் ஷிஃப்ட்டில் ஸ்குவாட் 105 கிலோவிலேயே நின்றுவிட்டது: தூக்கம் கெட்டு ஸ்ட்ரெங்த் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஓசூர் ஷிஃப்ட்காரன்

வயது 29, எடை 74 கிலோ. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். ஜெனரல் ஷிஃப்ட்டில் இருந்த மூன்று மாதத்தில் ஸ்குவாட் 80 கிலோவிலிருந்து 105 கிலோவுக்கு, அதுவும் 5 செட், செட்டுக்கு 5 ரெப், சுத்தமாக ஏறியது. அப்புறம் வாரம் மாற்றி வாரம் நைட் போட ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு மாதமாக ஒரு கிலோ கூட ஏறவில்லை, நைட் வாரங்களில் இறங்கவே செய்கிறது.

முதலில் சாப்பாடுதான் குறை என்று நினைத்தேன். முட்டையை ஆறாக்கினேன், வே புரோட்டீன் வாங்கினேன், மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் போனதுதான் மிச்சம். ஜிம் மாஸ்டர் மனசு வைத்துத் தூக்கு என்றார். நோட்டில் எல்லாம் எழுதும் பழக்கம் உண்டு என்பதால் ஒரு நாள் உட்கார்ந்து, ரெப் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அன்று எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். ஜெனரல் வாரத்தில் ஏழு மணி நேரத்துக்குக் குறையவில்லை. நைட் வாரத்தில் ஷிஃப்ட் முடிந்து வந்து 8 மணிக்குப் படுத்தால் 12.30-க்கு வெயிலும் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தமும் எழுப்பிவிடும். நாலரை மணி நேரம். அந்த வாரங்களில் 105 கிலோ எழுதிய பக்கங்களில் 5, 5, 4, 3, 3 என்றுதான் இருக்கிறது. திங்கள்கிழமை போட்ட ஸ்குவாட்டின் தொடை வலி வெள்ளி வரை போகவில்லை என்றும் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன், ஜெனரல் வாரத்தில் அது புதன்கிழமையே போய்விடும். உங்களுக்கும் இப்படித்தானா?

மெரினா கார்த்தி

தம்பி, தசை வளர்வதே இரவு 10 மணியிலிருந்து 2 மணிக்குள்தான். குரோத் ஹார்மோன் அந்த நேரத்தில்தான் சுரக்கும். நீங்கள் அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நிற்கிறீர்கள், அப்புறம் பகலில் எட்டு மணி நேரம் தூங்கினாலும் பயன் இல்லை. நான் பத்து வருடமாக 9.45-க்குப் படுத்துவிடுவேன், பெஞ்ச் 120 கிலோ போடுகிறேன். வேலையை மாற்றப் பாருங்கள், வேறு வழி இல்லை.

திருச்சி பிசியோ

கார்த்தி அண்ணா சொல்வதில் பாதி சரி. ஆண்களுக்கு அந்த ஹார்மோனின் பெரிய அலை, தூங்க ஆரம்பித்ததும் வரும் முதல் ஆழ்ந்த தூக்கத்தோடு சேர்ந்துதான் வருகிறது. ஆனால் அது கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை, காலை 8 மணிக்குப் படுத்தாலும் பெரும்பாலும் அந்த ஆழ்ந்த தூக்கத்தைத் தொடர்ந்து வரும். பகல் தூக்கத்தில் உண்மையான சிக்கல் வேறு: உடம்பின் உள் கடிகாரம் அப்போது விழிக்கச் சொல்லிக்கொண்டிருப்பதால் தூக்கம் பாதியில் அறுந்துவிடுகிறது. இந்தத் தம்பிக்கு நடப்பதும் அதுதான், வெயிலும் மிக்ஸியும் அதற்கு மேலே.

ஷிஃப்ட்காரன், உங்கள் நோட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 5, 5, 4, 3, 3. முதல் இரண்டு செட் போகிறது, பின்னால் உள்ள மூன்றும் விழுகிறது. நான் பார்க்கும் பவர்லிஃப்டிங் பிள்ளைகளிடமும் இதே வடிவம்தான், ஒரு ராத்திரி தூங்காமல் வந்தாலும் ஒரே ஒரு பெரிய ரெப் போட்டுவிடுவார்கள், அதனால் தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நம்பிவிடுவார்கள். 1994-இல் ரெய்லி, பியர்சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு ஆண்களை மூன்று ராத்திரி தொடர்ந்து மூன்று மணி நேரம் மட்டும் தூங்க விட்டு எடை தூக்க வைத்தார்கள். பைசெப்ஸ் கர்லில் அதிகபட்ச எடை குறையவில்லை. பெஞ்ச், லெக் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும் குறைந்தன. ஒரே தடவை தூக்கும் அதிகபட்சத்தைவிட, திரும்பத் திரும்பத் தூக்கும் நடுத்தர எடையில்தான் அடி அதிகம், அதுவும் இரண்டாம் ராத்திரிக்குப் பிறகு. பல மூட்டுகள் சேர்ந்து வேலை செய்யும் லிஃப்ட்டில், உழைப்பைக் கூட்டிக்கொண்டே போகும் கடைசி செட்டுகளில் முதலில் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டு அதைத்தான் காட்டுகிறது.

ரெக்கவரிக்கு வேறு காரணம். 2021-இல் ஆஸ்திரேலியாவில் 13 இளைஞர்களை (பெண்களும் உண்டு) ஒரே ஒரு ராத்திரி முழுக்க விழிக்க வைத்தபோது, மறுநாள் தசைப் புரதம் உருவாகும் வேகம் 18 சதவீதம் குறைந்திருந்தது. சாப்பாடு எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கொடுத்தார்கள். நீங்கள் ஆறு முட்டை சாப்பிட்டும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு இதில் ஒரு பகுதி பதில் இருக்கலாம், ஆனால் அது முழு ராத்திரி விழிப்பு, உங்களுடையது நாலரை மணி நேரத் தூக்கம், அப்படியே பொருத்திவிடக் கூடாது.

ஒரு கேள்வி: நைட்டில் கடைசி டீ எத்தனை மணிக்கு?

மதுரை அம்மா_லிஃப்டர்

எனக்கு எட்டு மாதக் குழந்தை. குழந்தைக்கு முன் டெட்லிஃப்ட் 110, திரும்ப வந்து 85 வரை ஏற்றிவிட்டேன், அங்கேயே நிற்கிறது. என் கணக்கில் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் தூங்குகிறேன், ஆனால் மூன்று நான்கு துண்டாக. எண்ணிக்கை சரியாக இருக்கிறதே, பிறகு ஏன் என்று எனக்குக் கோபமாக வரும். கை, தோள் பயிற்சிகளில் ஒரு குறையும் தெரிவதில்லை, டெட்லிஃப்ட்டில்தான் மூன்றாவது செட்டில் முதுகு தளர்ந்துவிடுகிறது, பார்க்கவே பயமாக இருக்கிறது என்று என் கணவர் வீடியோ எடுத்துக் காட்டினார். துண்டுத் தூக்கம் கணக்கில் வருமா அக்கா?

ஓசூர் ஷிஃப்ட்காரன்

கடைசி டீ காலை 4 மணிக்கு. அதைக் குடிக்காவிட்டால் மெஷின் முன்னால் கண் சொக்கிவிடும், விரலைப் பறிகொடுத்தவரை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் விட முடியவில்லை.

சேலம் ராஜ்

எனக்கும் ஸ்ட்ரெங்த் ஏறவில்லை, ஆனால் நான் தினமும் ஒன்பது மணி நேரம் தூங்குகிறேன். அப்படியென்றால் தூக்கம் ஜாஸ்தியானாலும் ஸ்ட்ரெங்த் குறையுமா? காலையில் எழுந்தால் தலை கனக்கிறது, ஆபீஸில் மதியம் தூக்கம் தள்ளுகிறது. எடை 98. எத்தனை மணி நேரத்துக்குக் குறைக்கலாம்?

திருச்சி பிசியோ

ராஜ், குறைக்காதீர்கள். ஒன்பது மணி நேரம் படுத்தும் மதியம் தூக்கம் தள்ளுகிறது, காலையில் தலை கனக்கிறது என்றால், குறட்டை எப்படி என்று வீட்டில் கேளுங்கள். நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது போல் யாராவது பார்த்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ காட்டி தூக்கப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அந்தக் கோளாறு இருந்தால் படுக்கையில் இருக்கும் நேரம்தான் ஒன்பது மணி, உடம்புக்குக் கிடைக்கும் தூக்கம் அது இல்லை.

மதுரை சகோதரி, துண்டுத் தூக்கமும் கணக்கில் வரும், ஆனால் முழுதாக அல்ல, ஒவ்வொரு முறை எழும்போதும் ஆழம் கலைகிறது. தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் சாப்பாட்டுக் கணக்கும் சேர்ந்து வரும், எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. முதுகு தளர்வது தெரிந்ததும் அந்த செட்டை அங்கேயே நிறுத்துங்கள். எடையை விடாமல் இரண்டு செட்டோடு முடிப்பது நல்லது.

ஷிஃப்ட்காரன், உங்களுக்கும் அதேதான். நைட் வாரத்தில் 105-ஐ மாற்றாதீர்கள், ஐந்து செட்டை மூன்றாக்குங்கள். எடை அப்படியே இருந்தால் அதுவரை சம்பாதித்த பலம் பெரும்பாலும் நிற்கும், உடம்பால் சரிசெய்ய முடியாத வேலை மட்டும் குறையும். டீயைப் பற்றி: ஒரு ஆய்வில் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்தபோதே தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. உங்கள் ஒரு கிளாஸ் டீயில் அதில் சிறு பங்குதான் இருக்கும், ஆனால் உங்களுக்கு இடைவெளி நாலு மணி நேரம்தான். விரல் முக்கியம், அதனால் டீயை நிறுத்தச் சொல்லமாட்டேன், 1 மணிக்கும் 2.30-க்கும் குடித்துப் பார்த்து, 4 மணிக்கு முகம் கழுவி நடந்து பாருங்கள். கண் சொக்கினால் குடித்துவிடுங்கள்.

கடலூர் பழைய கபடி

எல்லாவற்றையும் தூக்கத்தின் தலையில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. பிரேசிலில் இளைஞர்களைத் தொடைக்குக் கடுமையாகப் பயிற்சி கொடுத்து இரண்டு நாள் தூங்க விடாமல் வைத்துப் பார்த்தார்கள், ஹார்மோன்கள் மாறின, ஆனால் தசையின் பலம் திரும்பி வந்த வேகம் அவர்கள் தூங்கியபோதும் தூங்காதபோதும் ஒன்றுதான். நாங்கள் ராத்திரி முழுக்க பஸ்ஸில் போய் காலையில் ஆட்டம் ஆடி ஜெயித்திருக்கிறோம். இந்தத் தம்பிக்கு ஷிஃப்ட் மாறினதில் சாப்பாட்டு நேரம், எட்டு மணி நேரம் நிற்பது எல்லாம்தான் மாறியிருக்கிறது.

திருச்சி பிசியோ

அந்த ஆய்வு எனக்கும் தெரியும் அண்ணா, அதை ஒதுக்க முடியாது. ஒரே ஒரு பயிற்சிக்குப் பின் வந்த சில நாட்களை மட்டும் பார்த்தார்கள். வாரத்துக்கு ஆறு நாள், மாதக்கணக்கில் நாலரை மணி நேரம் தூங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது பதில் சொல்லாது, நான் சொன்ன 2021 ஆய்வும் சொல்லாது. நிற்கும் வேலையும் ஒரு காரணம் என்பது சரிதான்.

ஓசூர் ஷிஃப்ட்காரன்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தேன், காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். டீ 2.30-க்கு மேல் மூன்று நாளில் ஒரு நாள்தான் தேவைப்பட்டது. தூக்கம் 1.30 வரை போகிறது, அது இல்லாமல் மாலை 3.30-லிருந்து 4.45 வரை ஒரு தூக்கம், 6 மணிக்கு ஜிம். மொத்தம் ஆறே முக்கால் மணி நேரம் வருகிறது.

நைட் வாரத்தில் 105 கிலோ மூன்று செட், எல்லாமே 5 ரெப். தொடை வலி வியாழனுக்குள் போகிறது, புதன்கிழமை இன்னும் வரவில்லை. ஜெனரல் வாரத்தில் ஐந்து செட் போட்டேன், முந்தாநாள் 107.5 ஏற்றி 5, 5, 5, 5, 4. கபடி அண்ணா சொன்னதற்காக ஒரு நைட் வாரம் சாப்பாடு, நேரம் எதையும் மாற்றாமல் மாலைத் தூக்கத்தை மட்டும் விட்டுப் பார்த்தேன், மூன்று செட்டில் கடைசியாக வந்தது 3 ரெப். ஒரு வாரக் கணக்குதான், அடுத்த நைட்டில் இன்னொரு முறை செய்து பார்க்கிறேன்.

மதுரை அம்மா_லிஃப்டர்

இரண்டு செட்டோடு நிறுத்துகிறேன். முதுகு நேராக இருக்கிறது. 85 இன்னும் 85-தான். குழந்தை நேற்று முதல்முறையாக ஐந்து மணி நேரம் எழாமல் தூங்கினான், சனிக்கிழமை டெட்லிஃப்ட் நாள், அன்றும் தூங்கினால் வந்து சொல்கிறேன்.