காபி குடித்தபின் எத்தனை மணி நேரம் கழித்துப் பால் கொடுக்கலாம்?

புதுஅம்மா
மகனுக்கு 3 வாரம், எடை 3.5 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான். காலை 6 மணிக்கு ஒரு காபி, 11 மணிக்கு ஒன்று, மாலை 5 மணிக்கு ஒரு டீ குடிக்கிறேன். என் எடை 60 கிலோ. பால் கொடுத்த கையோடு காபி குடித்துவிட்டு மூன்று மணி நேரம் பால் கொடுக்காமல் இருந்தால் குழந்தைக்குக் காஃபின் போகாது என்கிறார்கள். சரியா? இரவில் சரியாகத் தூங்க மாட்டேன் என்கிறான்.

செவ்வந்தி
சரிதான். காபி குடித்து ஒரு மணி நேரத்தில், சிலருக்கு இரண்டு மணி நேரத்தில், பாலில் காஃபின் உச்சத்தைத் தொடும். அந்த நேரம் தாண்டிவிட்டால் பயமில்லை. நடுவில் குழந்தை அழுதால், மார்பில் இருக்கும் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு அடுத்து ஊறும் பாலைக் கொடுங்கள்.

தராசு
உச்ச நேரம் பற்றிச் செவ்வந்தி சொன்னது சரி. மற்ற இரண்டையும் ஒப்புக்கொள்ள முடியாது.

முதலில் பீய்ச்சிக் கொட்டுவது. மார்பில் சேர்ந்த பால், மூடி போட்ட பாத்திரத்தில் வைத்தது மாதிரி தனியாக நிற்பதில்லை. ரத்தத்துக்கும் பாலுக்கும் நடுவே காஃபின் இரு பக்கமும் போய்வருகிறது. ரத்தத்தில் குறையக் குறைய, மார்பில் இருக்கும் பாலிலும் தானாகவே குறைந்துவிடும். உச்ச நேரத்தில் பீய்ச்சிக் கொட்டினால், அடுத்து ஊறும் பாலும் அதே ரத்தத்திலிருந்துதான் வரப்போகிறது. நல்ல பால் வீணாவதுதான் மிச்சம்.

அடுத்தது மூன்று மணி நேரக் கணக்கு. பெரியவர்கள் உடலில் காஃபின் பாதியாகக் குறையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரத்தில் உச்சம் என்றால், மூன்றாவது மணியில் அதில் முக்கால் பங்கு அப்படியே இருக்கும். ஆக, மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து மிச்சப்படுத்துவது கால் பங்குதான். மூன்று வாரக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். பசித்து அழும் குழந்தையைக் கடிகாரம் பார்த்து நிறுத்தி வைத்தால் பால் சுரப்பும் குறையும்.

விடிவெள்ளி
இவ்வளவு கணக்கு எதற்கு? நிறுத்திவிட்டால் போகிறது. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்குக் காஃபினை உடைக்கும் திறன் கிட்டத்தட்ட இல்லை. சிறுநீர் வழியாகத்தான் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். நமக்கு 5 மணி நேரம் என்றால் அதற்கு மூன்று, நான்கு நாள். அந்த உடம்பில் ஒவ்வொரு நாளும் மேலும் மேலும் ஏற்றுவது நியாயமா?

தராசு
விடிவெள்ளி சொன்ன காரணம் முழுக்கச் சரி. இந்தக் கேள்வியின் உயிர்நாடியே அதுதான். ஆனால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்காமல் நிறுத்தச் சொல்லக் கூடாது. புதுஅம்மா சொன்ன எண்களையே எடுத்துக்கொள்வோம்.

பெரிய கப் காபி ஒன்றுக்கு 100 மி.கி., டீக்கு 50 என்று வைத்தால் நாளைக்கு 250 மி.கி. அவர் 60 கிலோ என்பதால் கிலோவுக்கு 4 மி.கி.யைச் சற்றுத் தாண்டும். பால் வழியாகக் குழந்தைக்குப் போவது, கிலோ கணக்கில் பார்த்தால், தாய் எடுப்பதில் 7 முதல் 10 சதவீதம். மேல் எல்லையான 10 சதவீதத்தையே எடுத்தாலும் குழந்தைக்குக் கிலோவுக்கு 0.4 மி.கி., 3.5 கிலோவுக்கு ஒரு நாளில் சுமார் 1.5 மி.கி.

இது ஒரு நாள் வரவு. பாதியாகக் குறையவே மூன்றரை நாள் ஆகும் உடலில், இன்று வந்ததில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நாளையும் இருக்கும். அதன் மேல் நாளைய 1.5 சேரும். இப்படியே இரண்டு மூன்று வாரம் போனால், வரவும் செலவும் சமமாகும் இடத்தில் குழந்தையின் உடலில் 8 மி.கி. அளவு தங்கியிருக்கும். ஒரு நாள் வரவைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

காலை 6 மணிக் காபியை 7 மணிக்குத் தள்ளினால் என்ன மாறும் என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. தேங்கி நிற்கும் அந்த 8 மி.கி.யைத் தீர்மானிப்பது மொத்த அளவுதான், நேரம் அல்ல. மூன்றில் ஒரு கப்பைக் குறைத்தால் கிடைக்கும் பலன், கடிகாரத்தோடு எவ்வளவு மல்லுக்கட்டினாலும் இந்த வயதில் கிடைக்காது.

32வாரம்
என் மகள் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறாள். மூச்சு நின்று நின்று வருவதால் அவளுக்குக் காஃபின் மருந்தே கொடுக்கிறார்கள். அப்படியானால் நான் காபி குடிப்பதில் தவறில்லைதானே? ஒரு வகையில் நல்லதும்கூட?

விடிவெள்ளி
தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். அது மருந்து, எடைக்கு ஏற்ப அளந்து கொடுப்பது.

தராசு
@32வாரம், மூச்சுத் தடைக்கு முதல் நாள் கொடுக்கும் காஃபின் சிட்ரேட் வழக்கமாகக் கிலோவுக்கு 20 மி.கி. அதில் பாதி எடைதான் காஃபின், அதாவது 10. உங்கள் காபியிலிருந்து பால் வழியாக வருவது அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் காபி அந்த மருந்துக்கு ஈடாகாது, உதவியும் செய்யாது. ஆனால் குறைமாதக் குழந்தையின் உடலில் அது இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும். மருந்தை நிறுத்திய பிறகு மூச்சு சீராக இருக்கிறதா என்று சில நாள் கவனிப்பார்கள், அந்தக் கட்டமும் முக்கியம். நாளைக்கு எத்தனை கப் என்று வார்டு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், உங்கள் அளவை அவர் முடிவு செய்யட்டும். முழு மாதக் குழந்தைக்கு நான் போட்ட கணக்கை உங்கள் மகளுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

செவ்வந்தி
பீய்ச்சிக் கொட்டுவதைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நேரத்தை அடியோடு தள்ளிவிட முடியாது. காபி குடித்த ஒன்றரை மணி நேரத்தில் கொடுப்பதற்கும், குடித்துக்கொண்டே கொடுப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

தராசு
இருக்கிறது. பால் கொடுக்கும்போதே, அல்லது கொடுத்து முடித்ததும் குடித்துவிடுவது நல்ல பழக்கம்தான். குடித்த காபி ரத்தத்தில் ஏறிப் பாலுக்கு முழு அளவில் வருவதற்குள் அந்த வேளைப் பால் முடிந்துவிடும். நான் மறுப்பது, அதைச் செய்தால் ‘போகவே போகாது’ என்ற நம்பிக்கையைத்தான்.

நேரம் உண்மையிலேயே கைகொடுக்கும் வயது பிறகு வருகிறது. 3 முதல் 5 மாதத்தில் குழந்தையின் உடலில் காஃபின் பாதியாகச் சுமார் 14 மணி நேரம் ஆகும். 6 மாதத்துக்குப் பிறகு 3 மணி நேரம்கூட ஆகாது. ஏழு மாதக் குழந்தையின் தாய் காலை 8 மணிக்கு ஒரு கப்போடு நிறுத்தினால், மாலை 6 மணிக்கு அவர் ரத்தத்தில் இருப்பது கால் பங்கு. குழந்தைக்கு வரும் சொற்பமும் தங்காமல் போய்விடும். அதே கப்பை மாலை 5 மணிக்குக் குடித்தால், தூங்கப் போகும் நேரத்துப் பாலில் அது நன்றாகவே இருக்கும். அந்த வயதில் ‘மதியத்தோடு சரி’ என்ற ஒரே விதி போதும்.

விடிவெள்ளி
ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் பாலூட்டும் தாய்க்கு நாளைக்கு 200 மி.கி. என்றுதான் சொன்னது. நீங்கள் 250-ஐச் சாதாரணமாகச் சொல்கிறீர்கள்.

செவ்வந்தி
அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 300 மி.கி. வரை ஏற்கிறதே. பிரேசிலில் 2012-இல் வெளியான ஆய்விலும், கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் 300-க்கு மேல் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் 3 மாதத்தில் இரவில் கூடுதலாக விழித்ததாகத் தெரியவில்லை.

விடிவெள்ளி
3 மாதத்தில்! இங்கே கேட்பது 3 வாரம். தராசு போட்ட கணக்குப்படி அந்த இரண்டு குழந்தைகளும் ஒரே மாதிரி இல்லை. கூட்டத்தின் சராசரி இந்த ஒரு குழந்தைக்கு உத்தரவாதமும் இல்லை.

தராசு
அந்த ஆட்சேபம் நியாயமானது. முதல் இரண்டு மாதத்துக்கு 200, பிறகு 300 என்று நான் சொல்வேன், ஆனால் அது என் தீர்மானம்தான்.

புதுஅம்மாவின் மகன் தூங்காததற்குக் காபிதான் காரணமா என்பது இன்னும் தெரியாது. மூன்று வாரத்தில் இரவு பகல் தெரியாமல் விழித்திருப்பது காபியே தொடாத தாயின் குழந்தைக்கும் உண்டு. காஃபின் அதிகமான குழந்தை விழித்தபடியே இருக்கும், கை கால் நடுங்கும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும், பால் குடித்து வயிறு நிறைந்தும் அமைதியாகாது. சந்தேகம் இருந்தால் குறைத்துப் பார்ப்பதுதான் வழி. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். இரண்டு நாள் நிறுத்துவார்கள், மாற்றம் தெரியாது, ‘காபி இல்லை போல’ என்று திரும்பத் தொடங்குவார்கள். மூன்றரை நாளில் பாதிதானே குறையும்? ஒரு வாரத்தில் கால் பங்குக்கு வரும், இரண்டு வாரத்தில் பதினாறில் ஒரு பங்கு. குறைந்தது ஒரு வாரமாவது பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். 12 முதல் 24 மணி நேரத்தில் தாய்க்குத் தலைவலி ஆரம்பிக்கும். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு கப்பில் கால் பங்கு குறைத்துக்கொண்டே வந்தால் அது வராது. எல்லாவற்றையும் காபி மேல் போடவும் கூடாது. குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், பால் குடிக்க எழுப்பினாலும் எழாத சோர்வு, எடை ஏறாமை இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

புதுஅம்மா
போன வாரமே காபியைச் சட்டென்று நிறுத்திப் பார்த்தேன். தலைவலி தாங்காமல் மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். தலைவலி இன்னும் முழுதாகப் போகவில்லை, அதற்கு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். அது பாராசிட்டமால்தான், அதனால் பிரச்சனை இல்லையே?

தராசு
பாராசிட்டமால் மட்டும் என்றால் பாலூட்டும்போது எடுக்கலாம். ஆனால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தலைவலிக்கென்று விற்கும் சில மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு காஃபினும் சேர்ந்திருக்கும், ஒன்றுக்கு 65 மி.கி. வரை.

புதுஅம்மா
பார்த்தேன். காஃபின் 65 மி.கி. என்றுதான் இருக்கிறது. நேற்று மூன்று போட்டேன்.

தராசு
அப்படியானால் நேற்றைய கணக்கு 250 இல்லை, 445. முதலில் அந்த மாத்திரையை விட்டுவிட்டு, தேவைப்பட்டால் காஃபின் கலக்காத பாராசிட்டமாலுக்கு மாறுங்கள். காபியையும் டீயையும் இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குறைத்தால் தலைவலி கூடும், மறுபடி மாத்திரையைத் தேடுவீர்கள். நான்கைந்து நாள் கழித்து 11 மணிக் காபியிலிருந்து கால் பங்கு குறைக்க ஆரம்பியுங்கள்.

விடிவெள்ளி
நான் என்றால் 5 மணி டீயைத்தான் முதலில் எடுப்பேன்.

தராசு
தாயின் தூக்கத்துக்காக என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். மகனுக்கு இந்த வயதில் நீங்கள் எந்த 50 மி.கி.யைக் குறைத்தாலும் ஒன்றுதான்.