ராத்திரி பதினொன்றுக்கு மேல் யாரை எழுப்புவது?

கவுண்டர் அக்கா

சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் பார்க்கிறேன். தடுப்பூசி வைக்கிற ஐஸ்பெட்டிக்கு வெப்பநிலை பார்க்கும் கருவி மாட்டியிருக்கிறார்கள். 2 டிகிரிக்குக் கீழே போனாலும் 8-க்கு மேலே போனாலும் எங்கள் நாலு பேருக்கும் டெலிகிராமில் டிங். ராத்திரி ஒன்றரைக்கு 8.4 என்று வரும், கொஞ்ச நேரத்தில் 6.9 என்று தானே இறங்கிவிடும். காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது. தூக்கம் கெட்டுப்போய் இப்போது மிஸ்ஸி போனைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுக்கிறார். நிஜமாகவே கெட்டுப்போகிற நாளில் யாரும் எழ மாட்டோம், எனக்கு அதுதான் பயம். இது போதாதென்று கிளினிக் வாட்சாப்பில் நடுராத்திரி "டாக்டர் நாளைக்கு இருக்காரா?" வேறு. உங்கள் இடத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

டிரைவர் தம்பி

அக்கா, ரொம்ப யோசிக்காதீங்க. எல்லாரும் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுப் படுங்க. அவசரம்னா ரெண்டாவது தடவை அடிச்சா தானா ரிங் ஆகும், 15 நிமிஷத்துக்குள்ள அடிச்சா போதும். எங்க லாரி கம்பெனியில அப்படித்தான்.

தோட்டத்து மருமகள்

எங்க வீட்டிலயும் இதே கதைதான்! மண்டோர் விடியக்காலை நாலரைக்கே பெரட்டுக்கு யார் யார் வரணும்னு குரூப்ல போடுவார். கீழே முப்பது பேர் கட்டை விரல் காட்டுவாங்க. பிள்ளை முழிச்சிக்குது. வீட்டுக்காரர் குரூப்பை மியூட் பண்ணினார், அன்னைக்குன்னு பார்த்து ஃபீல்டு மாத்திட்டாங்க. வேற எடத்துல போய் நின்னுட்டு வந்தார்.

ஆலைக்காரன்

செம்பனை ஆலையில் மீட்டர், சென்சார் வேலை எனக்கு. அக்கா, போன் பக்கம் போகுமுன் ஒன்று பாருங்கள். ஐஸ்பெட்டிக்குள் சென்சாரின் நுனி எங்கே இருக்கிறது? காற்றில் சும்மா தொங்கினால், பெட்டி தன் பனியை உருக்கிக்கொள்கிற நேரத்தில் காற்று சூடாகும். அதையே அது பிடித்துக்கொண்டு கத்தும். மருந்துக் குப்பி அவ்வளவு வேகமாகச் சூடாகாது. நுனியைக் கிளைகால் திரவம் நிரப்பிய சின்னக் குப்பிக்குள் வைத்து நடுத்தட்டில், தடுப்பூசிகளோடு நிறுத்துங்கள். கதவு திறந்தாலும் பனி உருகினாலும் எண் மெதுவாகத்தான் அசையும். உங்கள் ஒன்றரை மணி டிங் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது காத்திருப்பு நேரம். தடுப்பூசி ஐஸ்பெட்டிக்குள் வைக்கிற 30 நாள் பதிவுக் கருவிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவைப் பாருங்கள்: 8-க்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் இருந்தால்தான் எச்சரிக்கை. குளிர்ப் பக்கம் மைனஸ் 0.5, அதுவும் 60 நிமிஷம்தான். சூடு கொஞ்சம் பொறுக்கும், உறைவது பொறுக்காது. ஹெபடைட்டிஸ் பி ஒரு தடவை உறைந்தால் போச்சு, திரும்ப உருகினாலும் பயனில்லை. அதற்காகக் கிளினிக்கில் 10 மணி நேரம் காத்திருக்கச் சொல்லவில்லை, ஆள் வந்து சேரவும் நேரம் வேண்டும் இல்லையா? ராத்திரியில் 8-க்கு மேல் தொடர்ந்து அரை மணி நேரம் நின்றால் எழுப்பட்டும். 1 டிகிரிக்கு இறங்கினால் ஐந்து நிமிஷம் கூடக் காத்திருக்க வேண்டாம். மற்ற எல்லாம் சத்தமில்லாமல் விழட்டும். டெலிகிராமில் செய்தி அனுப்புகிற 'பாட்' நிரலில் அதற்கு `disable_notification` என்று ஒன்று உண்டு. அதை `true` ஆக்கினால் செய்தி வரும், போன் பேசாது. காலையில் வரிசையாகப் பார்த்துக்கொள்ளலாம்.

மிஸ்ஸி

நான் வேறு கிளினிக், ஆனால் சமையலறைப் போன் கதை எனக்கும் உண்டு. எங்களுக்கு வந்த ஆபத்தே வேறு. சாயந்திரம் இடி இடித்தது, கடை மூடின பிறகு இஎல்சிபி விழுந்துவிட்டது. டிஎன்பி கரண்ட் தெரு முழுக்க இருக்கிறது, எங்கள் கடையில் மட்டும் இல்லை. ஐஸ்பெட்டி நின்றது, கூடவே வைஃபை பெட்டியும் நின்றது. கருவி பேட்டரியில் ஓடிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது, ஆனால் அனுப்ப வழியில்லை. ஒருத்தர் போனும் அடிக்கவில்லை. "இன்னைக்கு நல்லாத் தூங்கினோம்" என்று சொல்லிக்கொண்டே வந்து கதவைத் திறந்தோம்.

ஆலைக்காரன்

மிஸ்ஸி சொன்னது முக்கியம். அதற்கு ஒரு வழி, கருவி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே இருக்கும் ஒரு சர்வருக்கு 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை சொல்லாவிட்டால் அந்தச் சர்வர் ஆளைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிற வேலை கிளினிக்குக்குள் இருக்கவே கூடாது. வைஃபை பெட்டிக்குச் சின்ன யூபிஎஸ் போட்டால் இன்னும் நல்லது.

தம்பி, உங்கள் 15 நிமிஷம் ஆண்ட்ராய்டுக்குச் சரி. ஐபோனில் இரண்டாவது அழைப்பு 3 நிமிஷத்துக்குள் வர வேண்டும். பத்து நிமிஷம் விட்டுத் திரும்ப அடித்தால் ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் எழுவார், ஐபோன்காரர் தூங்குவார். மறு அழைப்பை நம்பாமல், அழைக்கிற அந்த ஒரு நம்பரைச் சேமித்து ஆண்ட்ராய்டில் நட்சத்திரம் போடுங்கள். ஐபோனில் அதே நம்பருக்கு ரிங்டோன் பக்கத்தில் 'எமர்ஜென்சி பைபாஸ்' இருக்கிறது, அதைத் திறந்து விடுங்கள்.

டிரைவர் தம்பி

ஓ, அப்படியா. எங்க தவுக்கே ஐபோன். அதான் அவர் எடுக்கறதே இல்ல போல.

கவுண்டர் அக்கா

அண்ணே, வரிசை எப்படி வைப்பது? நாலு பேருக்கும் ஒன்றாக அடித்தால் ஒருவர் பார்த்திருப்பார் என்று எல்லாரும் படுத்துவிடுகிறோம்.

ஆலைக்காரன்

ஒருத்தர் பெயரை வாரத்துக்கு எழுதி ஒட்டுங்கள். முதலில் அவருக்கு மட்டும். பத்து நிமிஷத்தில் ஏற்காவிட்டால் அடுத்தவர், அதற்கப்புறம் டாக்டர். முதல் ஆள் பக்கத்துத் தாமானில் இருப்பவராக இருந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் கவனம்: போன் எடுக்கப்பட்டது என்பதை ஏற்பு என்று கணக்கில் வைக்காதீர்கள். அணைந்த போனில் வாய்ஸ்மெயில் எடுத்துக்கொள்ளும், கணினி 'ஆள் கிடைத்தார்' என்று வரிசையை நிறுத்திவிடும். "1-ஐ அழுத்துங்கள்" என்று கேட்க வேண்டும். அழுத்தினால்தான் ஏற்பு.

முடிந்ததும் ஒரு நாள் கடை மூடும்முன் மெயின் சுவிட்சை இறக்கிப் பாருங்கள். மருந்தைக் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிட்டுத்தான்.

மிஸ்ஸி

வாட்சாப் பதிலுக்கு நாங்கள் 'அவே மெசேஜ்' போட்டிருக்கிறோம், கிளினிக் நேரத்துக்கு வெளியே மட்டும். இப்படி: "கிளினிக் காலை 8.30-க்குத் திறக்கும், அப்போது பதில் தருவோம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வலிப்பு என்றால் இங்கே எழுதிக் காத்திருக்காதீர்கள், உடனே 999." முதலில் "அவசரம் என்றால் 'அவசரம்' என்று எழுதுங்கள்" என்று வைத்திருந்தார்கள். எழுதினால் எங்களைத்தான் எழுப்பும், நாங்கள் வீட்டிலிருந்து என்ன செய்வது? மருந்துச் சீட்டு கேட்டவர்களும் 'அவசரம்' என்றார்கள். நோயாளியை எங்கள் வரிசையில் சேர்க்கவே வேண்டாம் அக்கா. இன்னொன்று, கவுண்டர் போன் இணையத்தில் இல்லாவிட்டால் அந்தப் பதில் போகாது. வைஃபை விழுந்தாலும் டேட்டா இருக்கட்டும்.

தோட்டத்து மருமகள்

அப்போ குரூப்ல மண்டோர் ஒருத்தர் செய்திக்கு மட்டும் சத்தம் வர வைக்க முடியுமா?

ஆலைக்காரன்

தெரிந்தவரையில் குரூப்புக்குள் ஆள் பார்த்துப் பிரிப்பது சரியாக வராது, தங்கச்சி. நிர்வாகிகள் மட்டும் எழுதுகிற தனிக் குரூப் ஒன்று திறக்கச் சொல்லுங்கள். கட்டை விரல் பழைய குரூப்பில் இருக்கட்டும்.

மிஸ்ஸி

யாரும் தொடாத ஒன்றைக் கேட்கிறேன். பெயர் ஒட்டியிருக்கிற வாரத்தில் நான் ஈப்போவுக்குக் கூடப் போக முடிவதில்லை. போன் அடிக்காவிட்டால் ஒரு வெள்ளியும் இல்லை, போய்ப் பார்த்தால் மட்டும் பெட்ரோல் காசு. உங்கள் இடத்தில் காத்திருப்புக்குக் கொடுக்கிறார்களா?

ஆலைக்காரன்

ஆலையில் ஷிப்ட் இருப்பதால் அந்தக் கேள்வி எங்களுக்கு எழவில்லை. வேறு கிளினிக்காரர் யாராவது சொல்லட்டும்.

கவுண்டர் அக்கா

எங்களுக்கும் இல்லை. டாக்டரிடம் கேட்கப் போகிறேன், முதலில் சென்சார் நுனியைப் பார்த்துவிட்டு. இப்போதுதான் எட்டிப் பார்த்தேன், பின்சுவரில் காற்று ஊதுகிற ஓட்டைக்கு நேர் எதிரே டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.