அம்மாவுக்கு ராத்திரி ஆள் வைக்கணும், சம்பளம் யார் தருவது?

ஊர் குடியாத்தம் பக்கம். அம்மாவுக்கு 76 வயது, பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகப் படுக்கை. நினைவு தெளிவு, வலது கை வராது. அண்ணன் பெங்களூரில், தம்பி வேலூரில், பார்ப்பது நான். வீட்டைத் தம்பிக்கு செட்டில்மென்ட் எழுதியாச்சு. பராமரிக்கணும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லை.

அண்ணன் மருந்துக்குப் பணம் அனுப்புகிறார், அதோடு கணக்கு தீர்ந்தது என்கிறார். ஆனால் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும், விடிய விடிய. அந்த வேலை யார் கணக்கிலும் ஏறுவதில்லை, சண்டையே அதுதான்.

மாதம் ஒரு வீடு என்று முறை வைத்தோம். வண்டியில் ஏற்றி இறக்கியதில் இடுப்புக்குக் கீழே தோல் உரிந்தது, நிறுத்திவிட்டோம். மாமாவை வைத்துப் பேசியதும், “வீடு அம்மா இஷ்டப்பட்டுக் கொடுத்தது” என்று தம்பி சொன்னதோடு முடிந்தது.

2007 மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், அம்மா அதிகாரம் கொடுத்தால் நானே போடலாம் என்பது தெரியும். ராத்திரி ஆள் சம்பளத்தை அண்ணன், தம்பி இருவருக்கும் பிரித்துப் போட்டு உத்தரவு வாங்கியவர்கள், மனுவில் அதை எப்படி எழுதினீர்கள்?